வேலையை ஏற்றபின் ஆட்சேர்ப்பாளரிடம் கேட்க வேண்டியவை: மடிக்கணினி, மின்னஞ்சல், முதல் நாள் நேரம்

பணிநியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பியதும் ஒரு வாழ்த்து மின்னஞ்சல் வரும். அதன்பிறகு சேரும் நாள் வரை பல நிறுவனங்களிலிருந்து எந்தத் தகவலும் வராது. எல்லாம் தானாக நடந்துகொண்டிருக்கும் என்று நாமும் நம்பி இருந்துவிடுகிறோம். நான் சேர்ந்த நிறுவனத்தில் மடிக்கணினி உரிய நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதைத் திறப்பதற்கான தற்காலிகக் கடவுச்சொல்லை, எனக்கென்று புதிதாக உருவாக்கிய நிறுவன மின்னஞ்சலுக்கே அனுப்பியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலைப் பார்க்க அதே கடவுச்சொல் வேண்டும். உதவி மையத்தின் தொலைபேசி எண் நிறுவனத்தின் உள்வலைப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கவும் அதே கடவுச்சொல்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே நபரான ஆட்சேர்ப்பாளர் அன்று விடுப்பில் இருந்தார். புதிய மேலாளர் என்னை இணையவழிக் கூட்டத்தில் எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவருக்குச் செய்தி சொல்ல என்னிடம் வழி இல்லை.

இப்படிப்பட்ட சிக்கல்களில் பெரும்பாலானவற்றை, சேருவதற்கு முன்பே சரியான நபரிடம் சரியான நேரத்தில் கேட்கும் சில கேள்விகளால் தவிர்த்துவிடலாம். வீட்டிலிருந்தோ, தலைமை அலுவலகத்துக்குத் தொலைவில் உள்ள கிளையிலிருந்தோ பணியாற்றப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன், ஏனெனில் கருவிகள் கூரியரில் வர வேண்டியவர்களுக்கே தடங்கல் அதிகம். நேராக அலுவலகத்துக்குச் சென்று சேர்பவர்கள் கூரியர் தொடர்பானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

## 1. கேட்பதற்கு முன் உங்கள் நியமனம் எந்த நிலையில் உள்ளது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் கையொப்பமிட்ட மறுநாளே மடிக்கணினியைப் பற்றிக் கேட்டால், “அதற்கான நேரம் வரும்போது தெரிவிப்பார்கள்” என்றுதான் பதில் வரும். அது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல. பல நிறுவனங்களில் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, மனிதவளப் பிரிவின் மென்பொருளில் உங்கள் பெயரில் ஒரு பதிவு உருவான பிறகே கருவிக்கான கோரிக்கையை எழுப்ப முடியும். அந்தப் பதிவு இல்லாதவரை தகவல் தொழில்நுட்பப் பிரிவைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் ஓர் ஊழியர் அல்ல.

ஆகவே முதல் கேள்வி சிறியதாக இருக்கட்டும்: “என்னுடைய பின்னணிச் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா? பணியில் சேரும் நாள் உங்கள் மென்பொருளில் பதிவாகிவிட்டதா?” இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மற்ற கேள்விகளைக் கேட்கலாம். இல்லையென்றால், எது நிலுவையில் உள்ளது, உங்களிடமிருந்து ஏதாவது ஆவணம் வர வேண்டியிருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள். முந்தைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புச் சான்று, பட்டச் சான்றிதழின் நகல், முகவரிச் சான்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வராமல் சரிபார்ப்பு நின்றிருப்பது வழக்கமாக நடப்பதுதான். அதை யாரும் நமக்குச் சொல்லாமலே நாட்கள் போய்விடுகின்றன.

சேரும் நாளைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. பல நிறுவனங்களில் மென்பொருளில் உள்ள அந்தத் தேதியை வைத்தே உங்கள் மின்னஞ்சல் கணக்குத் தானாகச் செயல்படத் தொடங்கும். ஆட்சேர்ப்பாளருடன் பேசிச் சேரும் நாளை ஒரு வாரம் முன்னே கொண்டுவந்திருந்தால், அவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டது மட்டும் போதாது. மென்பொருளில் பழைய தேதியே இருந்தால், நீங்கள் சேர்ந்த பிறகும் கணக்குத் திறக்காது; தகவல் தொழில்நுட்பப் பிரிவினரும் தங்கள் திரையில் தவறு எதுவும் தெரியாததால் குழம்புவார்கள். நாள் மாறினால், “மென்பொருளிலும் மாற்றியாயிற்றா?” என்று கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். திருத்திய தேதியிட்ட கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் சம்பளக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

## 2. ஆட்சேர்ப்பாளர் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார்

நம்மிடம் பேசுபவர் அவர் ஒருவரே என்பதால், எல்லாம் அவர் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நீங்கள் ஏற்பைத் தெரிவித்ததோடு அவருடைய பணியின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அவர் அடுத்த காலியிடத்தை நிரப்பப் போய்விடுகிறார். மடிக்கணினியைத் தயாரிப்பவர் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறார். உங்களுக்கு எந்த வகை மடிக்கணினி, எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் உங்கள் மேலாளர். ஆவணங்களையும் சம்பளப் பதிவையும் கவனிப்பவர் மனிதவளப் பிரிவில் உள்ள இன்னொருவர். இந்த மூவருக்கும் இடையே உங்கள் கேள்வியை எடுத்துச் செல்லக்கூடியவர் ஆட்சேர்ப்பாளர்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. உங்கள் கேள்விகள், அவர் அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிவிடக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். அதோடு, “இனி கருவிகள் குறித்தும் ஆவணங்கள் குறித்தும் நான் நேரடியாக யாருக்கு எழுத வேண்டும்?” என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் நாளில் அவர் விடுப்பில் இருந்தாலும், வேறு வேலைக்கே போய்விட்டாலும், உங்களிடம் இரண்டாவது பெயர் ஒன்று இருக்கும்.

உங்களை அழைத்தவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லாமல் வெளி முகமையைச் சேர்ந்தவர் என்றால் இது இன்னும் முக்கியம். முகமையினருக்கு நிறுவனத்தின் உள் மென்பொருளைப் பார்க்கும் வசதி பொதுவாக இருக்காது. அவர்கள் சொல்வது நிறுவனத்திலிருந்து கேட்டுச் சொல்வதே. நல்லெண்ணத்துடன் “எல்லாம் தயாராகிவிடும்” என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி இருக்காமல், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் உங்கள் சேர்க்கையைக் கவனிப்பவரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

## 3. எல்லாக் கேள்விகளையும் ஒரே கடிதத்தில், உரிய நேரத்தில் கேளுங்கள்

சேரும் நாளுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் முன்பு இந்தக் கடிதம் போய்விட வேண்டும். மடிக்கணினியை இருப்பிலிருந்து எடுத்து, நிறுவனத்தின் மென்பொருள்களை நிறுவி, பொதி கட்டி, கூரியரில் அனுப்பி, அது உங்கள் கைக்கு வந்து சேர எளிதில் இரண்டு வாரங்கள் ஆகிவிடக்கூடும். இருப்பு இல்லாமல் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் இன்னும் நீளும். சேரும் நாளே இரண்டு வாரத்துக்குள் என்றால், ஏற்பைத் தெரிவித்த அன்றே எழுதிவிடுங்கள்.

நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு கேள்வியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தவிர்க்கச் சொல்வேன். அவற்றை ஆட்சேர்ப்பாளரால் பிறருக்கு எளிதில் அனுப்ப முடியாது. பின்னர் “சொன்னேனே” என்று காட்ட உங்களிடமும் ஒழுங்கான சான்று இருக்காது. “முதல் வாரம் எப்படி இருக்கும்?” என்று பொதுவாகக் கேட்டால், “கவலை வேண்டாம், நன்றாக இருக்கும்” என்று பொதுவாகவே பதில் வரும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தேதியாலோ, ஒரு பெயராலோ, ஆம் அல்லது இல்லை என்ற சொல்லாலோ பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

கடிதம் எப்படி அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரியைத் தருகிறேன். திங்கட்கிழமை, 15ஆம் தேதி சேரும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் அவர் இருக்கும் இடத்தைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியுள்ள நாட்டில் இருக்கிறது.

> பொருள்: 15ஆம் தேதி பணியில் சேர்தல் – கருவிகள், மின்னஞ்சல், முதல் நாள் நேரம் குறித்து
>
> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> வணக்கம். 15ஆம் தேதி திங்கட்கிழமை பணியில் சேர ஆவலுடன் இருக்கிறேன். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றை உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். இவற்றுள் வேறு பிரிவினர் பதில் சொல்ல வேண்டியவை இருந்தால், இக்கடிதத்தை அவர்களுக்கு அனுப்பி, என்னையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. மடிக்கணினியும் துணைக் கருவிகளும் எந்தத் தேதியில் அனுப்பப்படும்? அனுப்ப வேண்டிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கீழே தந்துள்ளேன். 10, 11 ஆகிய தேதிகளில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.
>
> 2. நிறுவன மின்னஞ்சல் கணக்கு எந்தப் பெயரில், எந்த நாளில் திறக்கப்படும்? முதல் கடவுச்சொல் எனக்கு எந்த வழியில் வந்து சேரும்?
>
> 3. முதல் நாளில் எனது நேரப்படி எத்தனை மணிக்கு, யாரிடம் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்க வேண்டும்? தலைமை அலுவலகத்தின் காலை 9 மணி எனக்குப் பிற்பகல் 1.30 மணி ஆகும். அதுதான் தொடக்க நேரமா?
>
> 4. முதல் வாரத்துக்கான நிகழ்ச்சி நிரல் ஏதேனும் உள்ளதா? நான் கொண்டுவர அல்லது பதிவேற்ற வேண்டிய ஆவணங்கள் எவை?
>
> 5. கணக்கைத் திறக்க முடியாமல் போனால் நான் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது? இனி கருவிகள் குறித்தும் ஆவணங்கள் குறித்தும் நான் நேரடியாக யாருக்கு எழுத வேண்டும்? தாங்கள் அன்று இல்லாதபோது யாரைத் தொடர்புகொள்வது?
>
> நன்றி.

ஐந்து கேள்விகளுக்கு மேல் போக வேண்டாம். விடுப்பு விதிகள், காப்பீடு, பதவி உயர்வு ஆகியவற்றை இதனுடன் சேர்த்தால், அவசரமானதும் அவசரமற்றதும் கலந்து, எளிதான கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

## 4. மடிக்கணினியும் மற்ற கருவிகளும்

“கருவிகள் அனுப்பப்படும்” என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். மடிக்கணினி மட்டும் வருகிறதா, கூடுதல் திரை, விசைப்பலகை, தலைப்பேசி ஆகியவையும் வருகின்றனவா என்று கேளுங்கள். முதல் வாரம் முழுவதும் கூட்டங்களிலேயே போகும் என்பதால் நல்ல தலைப்பேசி இல்லாமல் போவது பெரிய தொல்லை.

முகவரியை எழுதும்போது, கூரியர்காரர் அழைத்தால் எடுக்கக்கூடிய உள்ளூர் எண்ணையே தாருங்கள். விலை உயர்ந்த பொருள் என்பதால் பல நிறுவனங்கள் பெறுநர் நேரில் கையொப்பமிட வேண்டும் என்றோ, ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டும் என்றோ நிபந்தனை வைக்கின்றன. வீட்டில் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பொதி புறப்பட்டதும் கண்காணிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் சேரும் நாளுக்கு ஐந்து வேலை நாட்கள் முன்பும் உங்கள் கைக்கு வரவில்லையென்றால், மடிக்கணினி நேரத்துக்கு வராது என்று எடுத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டைக் கேட்கத் தொடங்குங்கள்.

வேறு நாட்டிலிருந்து மடிக்கணினி வருகிறது என்றால் சுங்கம் குறுக்கிடும். சுங்கத்தில் பெறுநரின் அடையாள ஆவணத்தைக் கேட்கலாம். வரி கட்டச் சொல்லலாம். இந்த வரியை யார் கட்டுவது என்பதை முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நிறுவனத்தின் சொத்து அது. வரியையும் நிறுவனமே ஏற்பதுதான் முறை. ஆனால் யாரும் முன்யோசனையாக ஏற்பாடு செய்யாவிட்டால், கூரியர்காரர் வாசலில் நின்று உங்களிடம்தான் கேட்பார். கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

பொதி வந்ததும் பிரிப்பதற்கு முன் அதன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். பிரித்த பின் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள வரிசை எண்ணையும், நிறுவனம் ஒட்டியிருக்கும் சொத்து எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓர் ஒப்புகைப் படிவத்தில் கையொப்பமிடச் சொல்வார்கள். அதில் உள்ள வரிசை எண்ணும் உங்கள் கையில் உள்ள மடிக்கணினியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். மற்றொருவருக்கான மடிக்கணினி மாறி வருவது உண்டு. வேலையை விடும்போது திருப்பித் தர வேண்டியது எது என்று அந்தப் படிவத்தை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

பணம் தொடர்பாக மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. “மடிக்கணினிக்கு முன்பணம் கட்டுங்கள், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருகிறோம்” என்று யாராவது எழுதினால் அது ஏமாற்று வேலை என்றே கொள்ளுங்கள். இதன் இன்னொரு வடிவம், உங்களுக்கு ஒரு காசோலையை அனுப்பி, அதைக் கணக்கில் போட்டு, நாங்கள் சொல்லும் விற்பனையாளரிடம் மடிக்கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. காசோலைப் பணம் முதலில் கணக்கில் வந்ததாகத் தெரியும். நீங்கள் விற்பனையாளருக்கு உங்கள் பணத்தை அனுப்பிய சில நாட்களுக்குப் பிறகு காசோலை போலி என்று திரும்பிவிடும். விற்பனையாளரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. இப்படிப்பட்ட கடிதம் வந்தால், அனுப்பியவரின் முகவரியில் @ குறிக்குப் பின் இருப்பது நிறுவனத்தின் உண்மையான இணையதளப் பெயர்தானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்; கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பொது எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

நாற்காலி, இணைய இணைப்பு ஆகியவற்றுக்குச் சில நிறுவனங்கள் பணம் தருகின்றன. வாங்குவதற்கு முன் ஒப்புதல் வேண்டுமா, உச்சவரம்பு எவ்வளவு, ரசீது யார் பெயரில் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று கேளுங்கள். சேரும் நாளுக்கு முந்தைய தேதியிட்ட ரசீதை ஏற்காத நிறுவனங்கள் உள்ளன. அது தெரியும் வரை எதையும் வாங்க வேண்டாம்.

## 5. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்

மின்னஞ்சல் முகவரி பொதுவாக மனிதவளப் பதிவில் உள்ள பெயரிலிருந்து தானாக உருவாகிறது. அந்தப் படிவத்தில் முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பெயருடன் தலைப்பெழுத்து மட்டும் உள்ள நம் போன்றவர்களுக்கு இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால், முகவரியிலும் அந்த ஒற்றை எழுத்தே வரும். கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் ஏற்காது. தந்தையின் பெயரைப் போட்டால் கூட்டங்களில் உங்களைத் தந்தையின் பெயரால் அழைப்பார்கள். கணக்கு உருவான பிறகு முகவரியை மாற்றுவது எளிதல்ல, ஏனெனில் மற்ற மென்பொருள்களிலும் நீங்கள் அந்த முகவரியாலேயே பதிவாகியிருப்பீர்கள்.

ஆகவே கணக்கு உருவாவதற்கு முன்பே, “சட்டப்பூர்வப் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடி இருக்கட்டும், திரையில் தெரியும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இப்படி இருக்க முடியுமா?” என்று கேட்டு, விரும்பும் வடிவத்தை எழுத்துப் பிழையின்றி எழுதித் தாருங்கள். இரண்டும் வெவ்வேறாக இருப்பதைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சம்பளத்துக்கும் வங்கிக்கும் மட்டும் ஆவணத்தில் உள்ள பெயரே வேண்டும்.

அடுத்தது கடவுச்சொல். மாதிரிக் கடிதத்தில் “எந்த வழியில் வந்து சேரும்?” என்று கேட்டிருப்பது இதற்காகத்தான். உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு வரலாம். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரலாம். மேலாளரிடம் போய் அவர் அழைத்துச் சொல்லலாம். “நிறுவன மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவோம்” என்று பதில் வந்தால், அதைத் திறக்கவே அந்தக் கடவுச்சொல் வேண்டும் என்பதைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள். பதில் எழுதியவர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கக்கூடும். தற்காலிகக் கடவுச்சொல்லுக்குக் காலக்கெடு உண்டா என்றும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது திங்கட்கிழமைக்குள் காலாவதியாகிவிடுவது வழக்கமான ஒரு தடங்கல்.

பல நிறுவனங்களில் கடவுச்சொல் இருந்தாலும் இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் கணக்குத் திறக்காது. இதற்குப் பெரும்பாலும் உங்கள் சொந்தக் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். உங்கள் கைப்பேசி பழையதாக இருந்தால் அந்தச் செயலி இயங்குமா என்று முன்பே பாருங்கள். சொந்தக் கைப்பேசியைப் பயன்படுத்த விருப்பமில்லையென்றால், கையடக்கப் பாதுகாப்புச் சாவி தர முடியுமா என்று இப்போதே கேளுங்கள், அதுவும் கூரியரில்தான் வர வேண்டும். வேலைக்காக வேறு ஊருக்கோ நாட்டுக்கோ இடம்பெயர்கிறீர்கள் என்றால், பதிவில் உள்ள பழைய கைப்பேசி எண்ணை முதல் வாரம் முடியும் வரை செயலில் வைத்திருங்கள். சரிபார்ப்பு எண் அதற்குத்தான் வரும்.

கணக்குத் திறக்கும் நாள் வரை எல்லாத் தகவலும் உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு வரும். எரிதக் கோப்புறையை நாள்தோறும் பாருங்கள். சேர்ந்த பிறகு நிறுவனத்தின் ஆவணங்களைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். மடிக்கணினி வராத முதல் இரண்டு நாட்களில் வசதிக்காக அப்படிச் செய்யத் தோன்றும். பாதுகாப்பு விதிகளின்படி அது மீறலாகக் கருதப்படக்கூடும்.

## 6. எத்தனை மணிக்கு, யாரிடம்

“காலை 9 மணி” என்று மட்டும் பதில் வந்தால் அது பாதிப் பதில்தான். யாருடைய 9 மணி என்பது தெரிய வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், தலைமை அலுவலகத்தின் 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30. நம் நேரப்படி 9 மணி என்றால் அங்கே அதிகாலை 4.30, அப்போது உதவி மையத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இந்த இடைவெளி ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் மாறுகிறது. நீங்கள் சேரும் வாரத்தில் அந்த மாற்றம் வந்தால், நாட்காட்டி அழைப்பில் உங்கள் கணினி காட்டும் நேரத்தையே நம்புங்கள்.

முதல் நாள் நேரமும் வழக்கமான வேலை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நிறுவனங்களில் முதல் நாள் மட்டும் சற்றுத் தாமதமாக வரச் சொல்வார்கள், உங்களை வரவேற்க வேண்டியவர்கள் தங்கள் காலைக் கூட்டத்தை முடித்துவிட்டு வருவதற்காக. ஆகவே இரண்டாம் நாளிலிருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அலுவலகத்துக்கு நேரில் போவதாக இருந்தால், எந்த நுழைவாயில், வரவேற்பில் யாருடைய பெயரைச் சொல்ல வேண்டும், உங்கள் பெயர் காவலர்களின் பட்டியலில் முன்பே சேர்க்கப்பட்டிருக்குமா, எந்த அடையாள ஆவணத்தின் அசல் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து என்றால், முதல் கூட்டத்துக்கான இணைப்பு எந்த முகவரிக்கு வரும் என்று கேளுங்கள். நிறுவன முகவரிக்கு மட்டும் வந்தால், கணக்குத் திறக்காத நிலையில் உங்களால் கூட்டத்தில் சேர முடியாது. தனிப்பட்ட முகவரிக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்வது மிக எளிய ஏற்பாடு. நான் காத்திருந்த நாளில் அது ஒன்றே என்னைக் காப்பாற்றியிருக்கும்.

## 7. முதல் வாரமும் ஆவணங்களும்

முதல் வார நிகழ்ச்சி நிரலைக் கேட்பதன் பயன், கட்டாயம் இருக்க வேண்டிய கூட்டங்கள் எவை என்று தெரிந்துகொள்வதே. பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றை முடித்தால்தான் சில மென்பொருள்களுக்கு அனுமதி கிடைக்கும். முதல் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு தேவையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததும், அதற்கு மறுமொழி எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆவணங்களில் அவசரமானவை வங்கிக் கணக்கு விவரமும் வரி எண்ணும். சம்பளப் பட்டியலை மூடும் நாள் என்று மாதந்தோறும் ஒன்று உண்டு. அதற்குப் பின் தரும் விவரங்கள் அடுத்த மாதப் பட்டியலுக்கே போகும். “இம்மாதச் சம்பளம் பெற எந்த நாளுக்குள் விவரம் தர வேண்டும்?” என்று தனியாகக் கேளுங்கள். முதல் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இந்த ஆவணங்களை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாமல், நிறுவனத்தின் பாதுகாப்பான பதிவேற்றப் பக்கம் உண்டா என்று கேட்டு அதன் வழியாகத் தருவது நல்லது.

## 8. பதில் வராவிட்டால்

மூன்று வேலை நாட்கள் காத்திருங்கள். பிறகு அதே கடிதத்துக்கு மறுமொழியாக, பதில் வராத கேள்விகளை மட்டும் எடுத்து எழுதுங்கள். புதிய கடிதமாக எழுதினால் பழைய பேச்சின் தொடர்ச்சி அறுந்துவிடும். அதற்கும் இரண்டு நாட்களில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழைத்து, பேசி முடித்ததும் அவர் சொன்னதை இரண்டு வரிகளில் எழுதி அவருக்கே அனுப்புங்கள்: “தாங்கள் இன்று சொன்னபடி, மடிக்கணினி 9ஆம் தேதி புறப்படும் என்று குறித்துக்கொண்டேன்.” மேலாளரின் முகவரி தெரிந்திருந்தால் இந்தக் கட்டத்தில் அவருக்கு எழுதுவதில் தவறில்லை. தன் குழுவுக்கு வருபவர் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதில் எல்லோரையும்விட அவருக்குத்தான் அக்கறை அதிகம். ஆட்சேர்ப்பாளரைப் பற்றிய புகாராக எழுதாமல், உங்கள் கேள்வியை மட்டும் கேளுங்கள்.

சேரும் நாளுக்கு இரண்டு வேலை நாட்கள் முன்பு, கையில் உள்ளவற்றைச் சரிபாருங்கள்: மடிக்கணினி அல்லது அதன் கண்காணிப்பு எண், கடவுச்சொல் வரும் வழி, உதவி மைய எண், மேலாளரின் கைப்பேசி எண், முதல் கூட்டத்தின் நேரமும் இணைப்பும். எண்களைத் தாளில் எழுதி வையுங்கள் அல்லது கைப்பேசியில் சேமியுங்கள்.

## 9. முதல் நாளில் கருவியோ கணக்கோ இல்லாவிட்டால்

அப்போதும் நீங்கள் பணியில் சேர்ந்தவரே. ஆனால் சேர்ந்ததற்கான சான்றை நீங்களே உருவாக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள், தனிப்பட்ட மின்னஞ்சலிலிருந்து மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் எழுதுங்கள்:

> வணக்கம். இன்று, 15ஆம் தேதி, எனது நேரப்படி பிற்பகல் 1.30 மணிக்குப் பணியில் சேர்ந்துள்ளேன். மடிக்கணினி இன்னும் வந்து சேரவில்லை. கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் நாளை மறுநாள் வரும் என்று உள்ளது. அதுவரை இந்த மின்னஞ்சலிலும் எனது கைப்பேசியிலும் என்னைத் தொடர்புகொள்ளலாம். இன்றைய அறிமுகக் கூட்டத்தில் கைப்பேசி வழியாகச் சேர இணைப்பை அனுப்பினால் கலந்துகொள்கிறேன்.

மடிக்கணினி வரும் வரை ஒவ்வொரு நாளும் காலையில் இதுபோல் ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் மேல் தவறில்லாத தாமதத்துக்கு வருகைப் பதிவில் “வரவில்லை” என்று விழுந்துவிட்டால், அதைத் திருத்த இந்தக் கடிதங்களே ஆதாரம். உதவி மையத்தை அழைக்கும்போது டிக்கெட் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொருவர் எடுத்தாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. சொந்தக் கணினியில் வேலையைத் தொடங்கலாமா என்று யாராவது கேட்டால், தகவல் தொழில்நுட்பப் பிரிவின் எழுத்துபூர்வ அனுமதி வரும் வரை தொடங்க வேண்டாம். கணக்குத் திறந்த அன்றே நாட்காட்டியில் வந்து கிடக்கும் பழைய அழைப்புகளைப் பார்த்து, தவறவிட்ட கட்டாயப் பயிற்சிகள் மறுபடி எப்போது நடக்கும் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.